ஒரே அறிவிப்பை எஞ்சினியருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் பிரித்து எழுதணும், உதவி (அவசரம்)

பாயான்லெப்பாஸ்_பையன்
சனிக்கிழமை ராத்திரி டேட்டாபேஸ் மாத்துறோம். நேத்து எல்லாருக்கும் ஒரே இமெயில் போட்டேன். எஞ்சினியருங்க "இதுல ஒண்ணுமே இல்லையே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தரும் வாய் திறக்கல. மேனேஜர் "ரெண்டா எழுது"ங்கிறார். மாதிரி இருந்தா போடுங்க.

செர்வர்_சாமி
எந்த டேட்டாபேஸ்? எதிலிருந்து எதற்கு? அனுப்பிய இமெயில் எங்கே? டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் எந்தக் கையைத் தொடுவார்? இதை இங்கே எத்தனை தடவைதான் சொல்வது.

கிள்ளான்_கிட்டு
அக்கவுண்ட்ஸுக்கு மூணு வரி போதும் தம்பி. எப்ப நிக்கும், எப்ப வரும், யாருக்குப் போன் அடிக்கணும். டெக்னிக்கலை எல்லாம் வெட்டிடு.

பட்டர்வொர்த்_பாலா
எங்க கம்பெனியில செர்வர் வாங்க மூணு கொட்டேஷன் கேட்டு ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. செலவு எவ்வளவுன்னு முதல் வரியிலேயே போடு.

பாயான்லெப்பாஸ்_பையன்
செலவு இல்ல அண்ணே, இருக்கிற செர்வர்தான். மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.0. பில்லிங் அதுலதான் ஓடுது. அனுப்பினது இவ்வளவுதான்: "28 பிப்ரவரி 2026 இரவு 11 முதல் 3 வரை பராமரிப்பு. பிரச்சினை வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவோம்."

கணக்கு_அக்கா
28 பிப்ரவரி மாதக் கடைசி நாள் தம்பி! அன்றைக்கு ராத்திரி 11 மணிக்கும் எங்கள் ஆபீசில் விளக்கு எரியும்.

அதைவிடப் பெரியது உங்கள் இரண்டாவது வரி. எஞ்சினியருக்கு அது நிம்மதி, எனக்கு வயிற்றில் புளி. ஞாயிறு காலை நான் இன்வாய்ஸ் போட்டு மைஇன்வாய்ஸில் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. மதியம் நீங்கள் பழைய நிலைக்குத் திரும்பினால் வரித்துறையிடம் அந்த இன்வாய்ஸ் இருக்கும், எங்கள் புத்தகத்தில் இருக்காது. சிஸ்டம் அதே எண்ணை இன்னொரு வாடிக்கையாளருக்கும் கொடுக்கும். ரத்து செய்ய 72 மணி நேரம்தான். கிட்டு சொன்ன மூன்று வரியில் இது எங்கே வரும்?

கிள்ளான்_கிட்டு
ஒத்துக்கிறேன் அக்கா. நான் வெட்டச் சொன்னதுல இதுவும் போயிருக்கும்.

செர்வர்_சாமி
அக்கா சொல்வது சரி. 8.0-க்கு ஏறிய டேட்டாபேஸை 5.7-க்கு அப்படியே இறக்க முடியாது. பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதற்குப் பின் போட்ட பதிவெல்லாம் போச்சு. இது இரண்டு பேருக்கும் ஒரே செய்திதான், கேட்கிற கேள்விதான் வேறு. எஞ்சினியருக்கு இப்படி எழுது:

"11 மணிக்கு எழுதுவதை நிறுத்தி முழு பேக்கப். 5.7 → 8.0. பழைய கிளையன்ட் லைப்ரரி உள்ளவர்கள் `caching_sha2_password`-ஐ முன்பே சோதித்துச் சொல்லவும். திரும்புவதா என்ற முடிவு 2 மணிக்கு. அதற்குப் பிறகு திரும்பினால் பதிவு இழப்பு உண்டு."

கணக்கு_அக்கா
அக்கவுண்ட்ஸுக்கு:

"சனி இரவு 11 முதல் பில்லிங்கில் எதுவும் போட முடியாது. ஞாயிறு காலை 'திறந்தாச்சு' என்று நாங்கள் செய்தி அனுப்பும் வரை, திரை திறந்தாலும் இன்வாய்ஸ் போடாதீர்கள். அந்தச் செய்திக்குப் பிறகு போட்டது எதுவும் அழியாது. இந்த நேரம் உங்கள் கிளோசிங்குக்கு இடிக்குமா? புதன் மாலைக்குள் சொல்லுங்கள்."

கடைசியில் கேள்வி வையுங்கள். அறிவிப்பு மாதிரி வந்தால் நாங்கள் படித்துவிட்டு மூடிவிடுவோம்.

செர்வர்_சாமி
"எதுவும் அழியாது" என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை ஏதாவது வெடித்தால்?

கணக்கு_அக்கா
அப்படியானால் "அழிந்தால் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று பட்டியல் தருவோம்" என்று போடுங்கள். பட்டியல் கையில் இருந்தால் நான் சமாளிப்பேன்.

ஈப்போ_இளவரசி
யாரும் சொல்லாத ஒன்று. 5.7-ல் `GROUP BY` போட்டாலே வரிசைப்படுத்தித் தரும், 8.0-ல் தராது. `ORDER BY` இல்லாத ரிப்போர்ட் எல்லாம் கலைந்து வரலாம். தொகை சரியாக இருக்கும், வரிசை மாறும். எங்கள் இடத்தில் நிலுவைப் பட்டியல் கலைந்து வந்து, "பணம் காணோம்" என்று ஒரு காலை முழுக்க ரகளை. இரண்டு இமெயிலிலும் போடுங்கள்.

ரவாங்_ராஜா
8.0-க்கு ஏன்? ஏப்ரல் 2026-ல் அதற்கே சப்போர்ட் முடிகிறது. 8.4-க்குப் போங்க.

செர்வர்_சாமி
5.7-லிருந்து 8.4-க்கு நேரே தாவ முடியாது, 8.0 வழியாகத்தான். படித்துவிட்டு வாங்க.

ரவாங்_ராஜா
தாவச் சொல்லலையே. ஒரே ராத்திரியில் ரெண்டு படி ஏறலாம்னேன்.

செர்வர்_சாமி
நாலு மணி நேரத்தில்? உங்கள் செர்வரில் செய்து பாருங்கள்.

பட்டர்வொர்த்_பாலா
அப்ப செலவு இல்லவே இல்லையா?

பாயான்லெப்பாஸ்_பையன்
ரெண்டு இமெயிலும் போயிடுச்சு. அக்கவுண்ட்ஸ்ல நாலு பேர் பதில் போட்டாங்க, நாலும் "28 வேணாம்". மார்ச் 7-ன்னு சொல்லிட்டேன். நன்றி எல்லாருக்கும்.

கணக்கு_அக்கா
தம்பி, 7 வேண்டாம்! பிப்ரவரிக்கான ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ் அனுப்ப மாதம் முடிந்து 7 நாள்தான், அதுதான் கடைசி நாள். 14 கேளுங்கள்.

கணக்கு_அக்கா
தம்பி, பார்த்தீர்களா?