கார்டுல ஒரு வேலை, கே.ஆர்.ஏ. தாள்ல வேற வேலை

சேலத்துப் பொண்ணு

பெங்களூர் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. போன வருஷம் ஏப்ரல்ல வேலை மாறினேன். ஃபேக்டரிக்கும் கட்டட சைட்டுக்கும் ஜெனரேட்டர், கம்ப்ரசர் வாடகைக்கு விடுற கம்பெனி. ஆஃபர் லெட்டர்ல "கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜர்"னு போட்டிருந்தாங்க. பழைய இடத்துல நான் வெறும் எக்ஸிக்யூட்டிவ். மேனேஜர்ங்கிற வார்த்தையைப் பார்த்த சந்தோஷத்துல மத்ததை மேலோட்டமாத்தான் படிச்சேன். என்னென்ன வேலைன்னு சொல்ற ஜே.டி.யில எட்டு வரி. புகார் தீர்க்கணும், கஸ்டமரை அடிக்கடி போய்ப் பார்க்கணும், கடைசி வரியில பாக்கி பத்தி ஃபாலோ-அப் பண்ணணும். எல்லாம் ஒரே சைஸ் எழுத்துல இருந்ததால எல்லாம் ஒரே கனம்னு நினைச்சுட்டேன்.

மூணாவது வாரம், எந்த வேலைக்கு எத்தனை மார்க்னு சொல்ற கே.ஆர்.ஏ. தாள் வந்துச்சு. நாலே வரி. பாக்கி வசூல் 45, காண்ட்ராக்ட் புதுப்பிக்கிறது 25, புகார் தீர்க்கிறது 20, ஆவணங்கள் 10. ஜே.டி.யில கடைசியா இருந்தது இங்க ஏறக்குறைய பாதி வேலை! அப்பவும் கேள்வி கேட்காம கையெழுத்துப் போட்டேன்.

மார்ச்ல மார்க் வந்தது. காண்ட்ராக்ட்ல 24, புகார்ல முழு 20, ஆவணத்துல 9. வசூல்ல பூஜ்யம். ஏன்னா வசூல் 62 சதவீதம்தான், 70க்குக் கீழ போனா அந்த வரிக்கு மார்க்கே கிடையாதுன்னு தாளுக்கு அடியில பொடி எழுத்துல இருக்கு. மொத்தம் 53. எங்க கம்பெனியில 60க்குக் கீழன்னா வேரியபிள் பே கிடையாது. இப்படி யாருக்காவது ஆகியிருக்கா?

கோரமங்களா கார்த்தி

அக்கா, இதையெல்லாம் ரொம்ப மனசுல போட்டுக்காதீங்க. கே.ஆர்.ஏ. எல்லாம் ஃபார்மாலிட்டி. யாருக்கு என்ன ரேட்டிங்னு மேனேஜர் முன்னாடியே முடிவு பண்ணிடுவார், அப்புறம் தாளை நிரப்புவாங்க. அடுத்த கம்பெனிக்காரன் பார்க்கிறது டைட்டிலைத்தான். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் லீட்னு பேர் வாங்கினதுக்கே 30 சதவீதம் ஹைக் வாங்கினான்.

பீன்யா பழைய ஹெச்.ஆர்.

கார்த்தி சொல்றதுல பாதி உண்மை. பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்ல டெசிக்னேஷனும் சேர்ந்த தேதி, விலகின தேதியும்தான் பெரும்பாலும் சரிபார்ப்பாங்க. கே.ஆர்.ஏ.வை யாரும் கேட்கிறதில்லை. ஆனா இந்தப் பொண்ணோட கம்பெனியில மார்க்கை வச்சுப் பணம் கணக்குப் போடுறாங்க. அப்போ அது எப்படி ஃபார்மாலிட்டி ஆகும்?

அம்மா, ரெண்டு விஷயம் சொல்லுங்க. அந்த 62 எதுல 62? அதாவது கீழே வகுக்கிற தொகை என்ன? அதுல நீங்க சேர்றதுக்கு முன்னாடி தேங்கின பாக்கியும் இருக்கா?

சேலத்துப் பொண்ணு

இருக்கு சார். மொத்த டார்கெட் 2 கோடி. அதுல 80 லட்சம் நான் வர்றதுக்கு முன்னாடியே தேங்கினது, மீதி 1 கோடியே 20 லட்சம் நான் வந்தப்புறம் போட்ட பில். புது பில்லுல 1 கோடியே 8 லட்சம் வசூல் பண்ணிட்டேன். பழசுல 16 லட்சம்தான் வந்துச்சு.

பழசு ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்க ஓசூர் ரோட்டுல ஒரு கஸ்டமரோட அக்கவுண்ட்ஸுக்கே போனேன். அங்க இருந்தவர் ஃபைலைத் திறந்து லாக் ஷீட்டை என் பக்கம் திருப்பி வச்சார். ஜெனரேட்டர் தினமும் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போடணும். ஆகஸ்ட் மாசத்துல 11 நாளைக்கு அந்தக் கட்டம் காலி. இன்ஜினியர் மாத்தலாகிப் போயிட்டாராம், புதுசா வந்தவர் "நான் பார்க்காததுக்கு நான் ஏன் போடணும்"ங்கிறார். கையெழுத்து இல்லாம பில் பாஸ் ஆகாது. அந்த ஷீட்டை வாங்கவேண்டியது எங்க ஆபரேஷன்ஸ் ஆளு. என் தாள்ல அது எங்கேயும் இல்லை.

பீன்யா பழைய ஹெச்.ஆர்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்க கணக்கையே பிரிச்சுப் பாருங்க. புது பில்லுல 90 சதவீதம், பழசுல 20 சதவீதம். ரெண்டையும் ஒரே அண்டாவுல கொட்டினதால 62. பொடி எழுத்து நிபந்தனை மட்டும் இல்லைன்னாலும் 45க்கு 28 வந்து மொத்தம் 81 ஆகியிருக்கும்.

"ஃபாலோ-அப்"ங்கிறது வேலை. "வசூல்"ங்கிறது விளைவு. ஜே.டி.யில முதல் வார்த்தை இருந்துச்சு, தாள்ல ரெண்டாவது வந்துடுச்சு. ஒரு நாளைக்கு நாற்பது ஃபோன் போட்டாலும் ஃபாலோ-அப் நடந்த மாதிரிதான், பணம் வரலைன்னா மார்க் இல்லை. உங்க கார்டுல இருக்கிற பேருக்கு இந்தக் கணக்குல இடமே கிடையாது. அதே பேர்ல மும்பை கிளையில ஒருத்தர் இருந்து, அவர் தாள்ல புதுப்பிக்கிறதுக்கு 60னு போட்டிருந்தா அவர் பார்க்கிறது வேற வேலை.

ஏப்ரல் தாள்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு மாத்தம் கேட்டு மெயில் போடுங்க. வாயால பேசாதீங்க. பழைய பாக்கியைத் தனி வரியா, சின்ன வெயிட்டேஜ்ல வைக்கணும். லாக் ஷீட்டோ பர்ச்சேஸ் ஆர்டர் நம்பரோ இல்லாம நிக்கிற பில்லை, அது சரியாகிற வரைக்கும் டார்கெட்ல சேர்க்கக் கூடாது. லாக் ஷீட் ஆபரேஷன்ஸ்காரர் தாள்லயும் ஒரு வரியா வரணும். மூணாவதை அவ்வளவு லேசுல ஒத்துக்க மாட்டாங்க, ஏன்னா அது இன்னொரு டிபார்ட்மென்ட் சண்டை.

ராஜாஜிநகர் மாமா

மேனேஜர்னு பேர் வச்சு ஓவர்டைம் குடுக்காம ஏமாத்துறாங்கன்னு சொல்றீங்களா? எனக்கும் நடந்துச்சு. 1990கள்ல நான் லேத் ஓட்டிக்கிட்டிருந்தேன். சூப்பர்வைசர்னு லெட்டர் குடுத்தாங்க, ஓவர்டைமை நிறுத்திட்டாங்க. வேலை அதே லேத்துதான். அப்புறம் ஆட்குறைப்புல வெளியே அனுப்பினப்போ லேபர் கோர்ட் போனோம். "நீ தொழிலாளியே இல்லை, சூப்பர்வைசர்"னு அவங்க வக்கீல் வாதாடினார். அப்போ இருந்த தொழில் தகராறு சட்டம் 1947ல பேரைப் பார்க்க மாட்டாங்க, நிஜமா என்ன வேலை செய்யறான்னுதான் பார்ப்பாங்கன்னு எங்க வக்கீல் பிடிச்சுக்கிட்டார். நான் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டுங்களைத்தான் எடுத்துக் காட்டினோம். ஆறு வருஷம் இழுத்துச்சு.

சேலத்துப் பொண்ணு

மாமா, என் பிரச்சினை ஓவர்டைம் இல்லை, மார்க். ஆனா ஜாப் கார்டைப் பத்திரமா வச்சிருந்தீங்க பாருங்க, அது எனக்கும் உதவும். அந்த லாக் ஷீட்டை ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

எலக்ட்ரானிக் சிட்டி புதுசு

யாராவது கஸ்டமர் சப்போர்ட்டுக்கு நல்ல கே.ஆர்.ஏ. டெம்ப்ளேட் அனுப்புங்களேன், நாளைக்கே சப்மிட் பண்ணணும்.

பீன்யா பழைய ஹெச்.ஆர்.

தம்பி, அடுத்தவன் தாளைக் காப்பி அடிச்சீங்கன்னா அவன் டார்கெட்டும் உங்க தலையில வந்து உட்காரும். உங்க டீம்ல போன வருஷம் எந்த வரியில எல்லாருக்கும் மார்க் குறைஞ்சதுன்னு முதல்ல கேளுங்க.

சேலத்துப் பொண்ணு

பத்து நாள் கழிச்சு எழுதுறேன். மெயில் போட்டேன். பழைய பாக்கியைத் தனி வரியாக்க ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு 10, புது பில்லுக்கு 35. கையெழுத்தில்லாத பில்லைப் பத்தி "அரையாண்டு ரிவ்யூல பேசலாம்"னு தள்ளிட்டாங்க. ஆபரேஷன்ஸ் விஷயத்தை யாரும் வாயே திறக்கலை. 70 சதவீத நிபந்தனை அப்படியே இருக்கு.

நேத்து என் மேனேஜர் கூப்பிட்டு, "வருத்தப்படாதே, உன்னை சீனியர் மேனேஜர் ஆக்கச் சொல்லியிருக்கேன்"னார்.

கோரமங்களா கார்த்தி

அக்கா வாங்கிக்கோங்க! யோசிக்கவே யோசிக்காதீங்க.

பீன்யா பழைய ஹெச்.ஆர்.

வாங்கிக்கலாம், தப்பில்லை. சீனியர் ஆனதுக்கு அப்புறம் தாள் மாறுமான்னு கேட்டீங்களா?

சேலத்துப் பொண்ணு

கேட்டேன் சார். ஒரு வரிதான் மாறுமாம். புது பில் டார்கெட் 1 கோடியே 20 லட்சத்துல இருந்து 1 கோடியே 60 லட்சம்.