ஸ்லிட்டரில் இரண்டு டிரைவின் டிசி பஸ்ஸை இணைத்தோம், சின்ன டிரைவ் மட்டும் பழுதாகிக்கொண்டே இருக்கிறது

ஸ்லிட்டர்_எலக்ட்ரீஷியன்
வணக்கம். எங்கள் ஃபிலிம் ஸ்லிட்டரில் அன்வைண்டர் 7.5 கிலோவாட், ரீவைண்டர் 15 கிலோவாட். இரண்டும் ஒரே கம்பெனி டிரைவ். டென்ஷனுக்காக அன்வைண்டர் எப்போதும் பிரேக் பிடித்தபடியே ரோலை விடும், அதனால் அதன் ரெசிஸ்டர் ஷிஃப்ட் முழுக்கக் கொதிக்கும். அந்தச் சக்தி ரீவைண்டருக்காவது போகட்டும் என்று இரண்டின் டிசி பிளஸ், மைனஸைச் சேர்த்துக் கட்டினோம். மெயின் சப்ளை பழையபடி தனித்தனி எம்சிசிபியில்தான் வருகிறது.

ரெசிஸ்டர் சூடு அடங்கிவிட்டது. ஆனால் அன்வைண்டர் டிரைவில் ரெக்டிஃபையர் மாட்யூல் ஷார்ட் ஆனது. மாற்றினோம், மறுபடியும் அதே. காலையில் அன்வைண்டர் எம்சிசிபியை முதலில் போடுவோம். அப்போதே ரீவைண்டர் டிஸ்ப்ளேயும் எரிகிறது. அது பரவாயில்லைதானே?

கோவை_பேனல்
சைஸ் வேறுபடுவதுதான் காரணம். ஒவ்வொரு டிரைவுக்கு முன்னாலும் 3 சதவீத லைன் சோக் போடுங்கள், லோடு பங்கு பிரிந்துவிடும்.

பழைய_டிரைவ்காரர்
தம்பி, அந்த டிஸ்ப்ளேயைத்தான் பிடிக்க வேண்டும். ரீவைண்டருக்கு மெயின் போகாமலே உயிர் வருகிறது என்றால், அதன் கெபாசிட்டரையும் சின்ன டிரைவே சார்ஜ் செய்கிறது. சின்ன டிரைவின் சார்ஜிங் ரெசிஸ்டர் தன் கெபாசிட்டருக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்தது. இப்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை. வோல்டேஜ் முழுசாக ஏறுமுன் பைபாஸ் ரிலே ஒட்டிவிட்டால், மிச்சம் முழுவதும் டயோடு வழியாக ஒரே பாய்ச்சலாகப் போகும்.

சோக் பாதி சரி. இரண்டு எம்சிசிபியும் போட்டிருந்தால்தான் அது பங்கு பிரிக்கும். ஓடும்போது ரீவைண்டர் எம்சிசிபி டிரிப் ஆனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, மெஷின் சின்ன ரெக்டிஃபையரை வைத்தே ஓடும்.

இன்னொன்று, இதுதான் முதலில் கவனிக்க வேண்டியது: ஒரு எம்சிசிபியை ஆஃப் செய்துவிட்டு அந்த டிரைவைத் திறக்காதீர்கள். உள்ளே 587 வோல்ட் டிசி அப்படியே இருக்கும். இரண்டையும் ஆஃப் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கிரேன்_ஆப்பரேட்டர்
எங்கள் கிரேனிலும் ஹாய்ஸ்ட், லாங் டிராவல் இரண்டையும் இப்படித்தான் இணைத்தார்கள். ரெசிஸ்டர் சூடு கொஞ்சமும் குறையவில்லை. வயரிங் தப்பா?

பழைய_டிரைவ்காரர்
வயரிங் சரியாகவே இருக்கலாம். சுமை இறங்கும் அதே நேரத்தில் லாங் டிராவல் ஓடினால்தான் அந்தச் சக்திக்குப் போக்கிடம். இறக்கும்போது வண்டி நிற்கிறது என்றால் எல்லாம் ரெசிஸ்டருக்குத்தான். ஸ்லிட்டரில் ஒன்று பிடிக்கும்போதே மற்றது இழுக்கிறது. 300 நியூட்டன் டென்ஷன், நிமிடத்துக்கு 300 மீட்டர் என்றால் ரோலில் 1500 வாட். மோட்டார், கியர் இழப்பு போக மீதி நேராக ரீவைண்டருக்குப் போகும்.

ஸ்லிட்டர்_எலக்ட்ரீஷியன்
அப்படியானால் ரெசிஸ்டரைக் கழற்றிவிடலாமா அண்ணா? பேனலில் இடம் கிடைக்கும்.

பழைய_டிரைவ்காரர்
கூடாது. எமர்ஜென்சி அடித்தால் இரண்டு மோட்டாரும் சேர்ந்தே பிரேக் பிடிக்கும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. 600 கிலோ ரோல் அந்த வேகத்தில் சுமார் 3750 ஜூல் வைத்திருக்கும். இரண்டு டிரைவிலும் சேர்த்து 2000 மைக்ரோஃபேரட் என்று வைத்துக்கொண்டாலும், 587-லிருந்து 780 வோல்ட் வரை ஏறுவதற்குள் கெபாசிட்டர் 264 ஜூல்தான் வாங்கும். மீதிக்கு ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஓவர் வோல்டேஜ் டிரிப், பிறகு ரோல் தன் போக்கில் சுற்றி ஃபிலிமை அறுக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது: மெயின் சப்ளையைப் பெரிய டிரைவுக்கு மட்டும் கொடுங்கள். சின்னதின் மூன்று ஃபேஸையும் கழற்றி, டிசியில் மட்டும் ஊட்டுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலும் டிசிக்கென்றே ரேட்டிங் உள்ள ஃபாஸ்ட் ஃபியூஸ் வேண்டும். சாதாரண 415 வோல்ட் ஏசி ஃபியூஸ் டிசி ஆர்க்கை அணைக்காது. சின்ன டிரைவில் இன்புட் ஃபேஸ் லாஸ் பாராமீட்டரை ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் அதுவே ஃபால்ட் காட்டும். ஆனால் செய்யும் முன் மேனுவலில் இரண்டு விஷயம் பாருங்கள்: சின்னதை டிசியில் மட்டும் ஓட்ட அனுமதி உண்டா, பெரியது வெளியிலிருந்து எவ்வளவு கெபாசிட்டரைச் சார்ஜ் செய்யும்.

கோவை_பேனல்
ஒரே ரெக்டிஃபையரை நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை. வேகம் ஏறும்போது பெரிய ரோல் என்றால் அன்வைண்டரும் மோட்டாராக இழுக்கும். இரண்டும் சேர்ந்த சுமையை 15 கிலோவாட் டிரைவ் தாங்குமா?

பழைய_டிரைவ்காரர்
நியாயமான கேள்வி. ராம்ப் நேரத்தைக் கூட்டினால் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். தம்பி, இரண்டு எம்சிசிபியும் போட்ட நிலையில் ராம்பின்போது இரண்டு இன்புட்டிலும் கிளாம்ப் மீட்டர் போடுங்கள்.

ஸ்லிட்டர்_எலக்ட்ரீஷியன்
மாட்யூல் மாற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அன்வைண்டர் இன்புட் 11 ஆம்பியர், ரீவைண்டர் 4. பெரியதற்குள் டிசி சோக் இருக்கிறது, சின்னதில் இல்லை. இணைப்பைப் பிரித்துவிட்டேன், இப்போதைக்கு ரெசிஸ்டரிலேயே ஓடுகிறது. மேனுவலில் டிசி சப்ளைக்கு அனுமதி உண்டு, கெபாசிட்டர் அளவு போடவில்லை. கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.