மூணு செல் சீரிஸ் பவர் பேங்க், சார்ஜ் ஏறின மாதிரி காட்டும் ஆனா நிக்காது: பேலன்ஸ் பிரச்சனையா வேற ஏதாவதா? உங்க அனுபவம் சொல்லுங்க

ஈசிஇ_தேர்ட்_இயர்:
நாங்க காலேஜ்ல ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பவர் பேங்க் பண்ணோம். பழைய லேப்டாப் பேட்டரில இருந்து எடுத்த 18650 செல், ரெண்டு ரெண்டா பேரலல், அப்படி மூணு ஜோடி சீரிஸ். ஒவ்வொரு செல்லும் டெஸ்ட்ல 2200 mAh பக்கம் வந்துச்சு, அதனால மொத்த பேக் 4400 வரணும். பேலன்ஸ் இருக்குற பிஎம்எஸ் போர்டு, 12.6 வோல்ட் சார்ஜர், வெளிய யுஎஸ்பி குடுக்க ஒரு பக் மாட்யூல். முதல் மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்போ ஒரு மணி நேரத்துலயே சார்ஜர் பச்சை லைட் போட்டுடுது, போன்ல போட்டா முன்ன குடுத்ததுல பாதிதான் குடுக்குது. பேக் மொத்தமா 12.09 வோல்ட்தான் காட்டுது. பிஎம்எஸ் போயிடுச்சா, புதுசு வாங்கவா? இது மாதிரி யாருக்காச்சும் ஆயிருக்கா?

கோவை_பேட்டரி_சர்வீஸ்:
தம்பி, போர்டை மாத்தாதீங்க, முதல்ல மீட்டரை எடுங்க. மொத்த வோல்டேஜை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. B- ல இருந்து B1, B1 ல இருந்து B2, B2 ல இருந்து B+ னு ஜோடி ஜோடியா பாருங்க. சார்ஜர் கட் ஆன உடனே ஒரு தடவை, அப்புறம் லோடு போட்டு பேக் கட் ஆன உடனே இன்னொரு தடவை. ரெண்டு ரீடிங்கும் வேணும், ஒண்ணு மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க.

ஈசிஇ_தேர்ட்_இயர்:
பாத்துட்டேன் அண்ணா. சார்ஜ் கட் ஆகும்போது 3.91, 4.26, 3.92. டிஸ்சார்ஜ்ல கட் ஆகும்போது 3.56, 2.79, 3.55. நடு ஜோடிதான் ரெண்டு பக்கமும் தனியா நிக்குது.

சேலம்_டிஐஒய்:
இது சிம்பிள் ப்ரோ, பேலன்ஸ் போயிடுச்சு அவ்ளோதான். எனக்கும் ஒருதடவை இப்படி ஆச்சு, ஜோடிக்கு ஒரு TP4056 போர்டு, மூணையும் ஒரே யுஎஸ்பி அடாப்டர்ல குடுத்து ஒவ்வொண்ணையும் 4.2 க்கு ஏத்திட்டா எல்லாம் சமமாயிடும், பேலன்சர் எல்லாம் தேவையே இல்ல.

கோவை_பேட்டரி_சர்வீஸ்:
ஜோடி ஜோடியா 4.2 க்கு ஏத்துறது சரியான வழிதான், ஆனா மூணையும் ஒரே அடாப்டர்ல ஒரே நேரத்துல குடுக்கவே கூடாது. அந்த மூணு போர்டோட மைனஸும் அடாப்டர்ல ஒண்ணா சேந்துடும், பேக்குல அதே மூணு மைனஸும் வேற வேற வோல்டேஜ்ல இருக்கு, அப்போ கீழ் ஜோடி நேரா ஷார்ட் ஆகும். ஒரு நேரத்துக்கு ஒரு ஜோடி, இல்லனா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அடாப்டர்.

இப்போ தம்பி கேஸுக்கு வர்றேன். இது பேலன்ஸ் பிரச்சனை இல்ல. வெறும் பேலன்ஸ் விலகலா இருந்தா, மேல போகும்போது அதிகமா இருக்குற ஜோடி கீழ வரும்போதும் அதிகமாத்தான் இருக்கும். உங்க நடு ஜோடி ஃபுல் ஆகும்போது எல்லாத்துக்கும் மேல, காலியாகும்போது எல்லாத்துக்கும் கீழ. அப்படினா அந்த ஜோடிக்கு கொள்ளளவே குறைஞ்சுபோச்சு. அது சீக்கிரம் நிரம்பி 4.26 தொட்ட உடனே பிஎம்எஸ் சார்ஜை நிறுத்துது, கரண்ட் போகலன்ன உடனே சார்ஜர் ஃபுல்லுனு நினைச்சு பச்சை போடுது. உங்க போர்டு அது வேலையை ஒழுங்கா செஞ்சுட்டு இருக்கு, அது இல்லன்னா அந்த ஜோடி 4.5 வரைக்கும் போயிருக்கும்.

பேலன்ஸ் ரெசிஸ்டர்ல என்ன எழுதியிருக்குனு பாருங்க, 101 னு இருந்தா 100 ஓம். 4.2 வோல்ட்ல அது வெளிய விடுறது 42 மில்லிஆம்ப்தான். 400 mAh விலகலை சரி பண்ணவே பத்து மணி நேரம் கிட்ட ஆகும். 2000 mAh குறைச்சலை அது எங்க சரி பண்ணப் போகுது? பாதி கொள்ளளவு காணோம்னா நான் முதல்ல சந்தேகப்படுறது வெல்டு. அந்த ஜோடியில ஒரு செல் கழண்டு தனியா நிக்குதானு நிக்கல் பட்டையை ஒரு மரக்குச்சியால தள்ளிப் பாருங்க, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

திருச்சி_ஹாஸ்டல்:
நானும் இதே கேக்கணும்னு இருந்தேன். என்னோடது நாலு செல், எல்லாமே பேரலல், ஒரு TP4056 போர்டு. எந்த பேலன்ஸ் போர்டு வாங்குறது, த்ரீ எஸ் போர்டு போடலாமா?

கோவை_பேட்டரி_சர்வீஸ்:
உங்களுக்கு எதுவுமே வேணாம். பேரலல்ல எல்லா செல்லும் ஒரே வோல்டேஜ்லதான் இருந்தாகணும், தானா சமமாயிடும். த்ரீ எஸ் போர்டு உங்க பேக்குல வேலையும் செய்யாது. நீங்க கவனிக்க வேண்டியது சேக்குறதுக்கு முன்னாடிதான். 4.1 ல இருக்குற செல்லையும் 3.5 ல இருக்குற செல்லையும் நேரா சேத்தா, ரெண்டோட உள் ரெசிஸ்டன்ஸும் சேத்து 0.1 ஓம்னு வச்சாலே 6 ஆம்பியர் பாயும். 0.05 வோல்ட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு சேருங்க. TP4056 ல சார்ஜ் போட்டுக்கிட்டே போனையும் மாட்டாதீங்க, போன் இழுக்குற கரண்டை செல் எடுத்துக்குதுனு நினைச்சுக்கிட்டு சார்ஜ் எப்போ முடியணும்னு அதுக்குத் தெரியாம போயிடும்.

ஈசிஇ_தேர்ட்_இயர்:
அண்ணா அதேதான்! நடு ஜோடியில ஒரு செல்லோட மைனஸ் பக்கம் பட்டை மேல உக்காந்த மாதிரியே இருக்கு, குச்சியால தொட்ட உடனே தூக்கிக்குது. அடியில ரெண்டு சின்ன புள்ளி மட்டும் இருக்கு, வெல்டு பிடிக்கவே இல்ல. கழண்ட செல் 3.74 காட்டுது. அப்படியே திரும்ப வெல்டு பண்ணிடவா?

கோவை_பேட்டரி_சர்வீஸ்:
பண்ணாதீங்க! இப்பதான் திருச்சிக்கு சொன்னேன். கூட இருக்குற செல் எவ்ளோ இருக்குனு பாருங்க, அதை 3.74 கிட்ட கொண்டு வந்துட்டுதான் வெல்டு. அது 4.1 ல இருந்தா ஒரு சின்ன லோடு போட்டு இறக்குங்க, 2.8 ல காலியா இருந்தா TP4056 ல தனியா ஏத்துங்க. வெல்டு முடிஞ்சதும் மூணு ஜோடியையும் ஒவ்வொண்ணா 4.2 க்கு ஏத்தி விட்டுடுங்க, மிச்சத்தை போர்டு பாத்துக்கும். அப்படியே ப்ளஸ் பக்கம் பேப்பர் ரிங் இருக்கானும் பாருங்க. ப்ளஸ் மூடிய சுத்தி இருக்குற விளிம்பு வரைக்கும் செல்லோட உடம்பு முழுக்க மைனஸ், மேல இருக்குற ரேப்பர் கிழிஞ்சு பட்டை அதுல உரசினா அங்கயே ஷார்ட்.

லேப்_இன்சார்ஜ்_மேடம்:
நீங்க சொல்றதெல்லாம் சரி சார், ஆனா பசங்க கையில பழைய செல் குடுக்குறதே எனக்கு ஒத்துவராது. எங்க லேப்ல ஒரு குரூப் 1.4 வோல்ட்ல கிடந்த செல்லை மெதுவா ஏத்தி உயிர் வந்துடுச்சுனு சந்தோஷமா பேக்குல போட்டாங்க. அது சார்ஜ் ஏறும்போது கையால தொட முடியாத அளவுக்கு சூடாச்சு, நல்லவேளை பக்கத்துல ஆள் இருந்துச்சு, பிடுங்கி வெளிய மண்ணுல வச்சோம். அதுல இருந்து எங்க லேப்ல புது செல் மட்டும்தான். அதுலயும் 9900 mAh னு எழுதின செல் வந்தா திருப்பி அனுப்பிடுவேன், இந்த சைஸ்ல அதுல பாதி கூட வராது, தராசுல வச்சாலே தெரியும், நல்ல செல் 45 கிராம் கிட்ட இருக்கும்.

சேலம்_டிஐஒய்:
மேடம், நான் 1.5 ல கிடந்த செல்லை எல்லாம் ஏத்தி இன்னும் ஓட்டிட்டு இருக்கேன், ஒண்ணும் ஆகல.

கோவை_பேட்டரி_சர்வீஸ்:
தம்பி, 2 வோல்ட்டுக்குக் கீழ ரொம்ப நாள் கிடந்தா உள்ள இருக்குற காப்பர் ஃபாயில் கரைய ஆரம்பிக்கும், திரும்ப சார்ஜ் ஏத்தும்போது அது கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் வழி போடும். அதை வெளிய இருந்து எந்த பிஎம்எஸ்ஸும் பாக்க முடியாது. அந்த செல்லை எல்லாம் கழட்டிடுங்க, அதுல நான் மேடம் பக்கம்.

ஆனா பழைய செல்லே வேண்டாம்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். எடுக்கும்போது 2.5 க்கு மேல இருந்துச்சா, 4.2 க்கு ஏத்தி ரெண்டு வாரம் சும்மா வச்சா 4.15 க்குக் கீழ இறங்காம நிக்குதா, சார்ஜ்ல சூடாகாம இருக்கா, இந்த மூணும் தேறினதை நான் வருஷக்கணக்கா போட்டு குடுக்கிறேன்.

லேப்_இன்சார்ஜ்_மேடம்:
ரெண்டு வாரம் நீங்க வைப்பீங்க சார். நாளைக்கு ரிவ்யூனா எந்தப் பையன் வைப்பான்?

ஈசிஇ_தேர்ட்_இயர்:
மேடம் எங்களுக்கு ரிவ்யூ அடுத்த மாசம்தான், ஆறு செல்லையும் பிரிச்சு ரெண்டு வாரம் வச்சுப் பாக்கப் போறோம். ஒரு சந்தேகம் அண்ணா, ஆறுல ஒண்ணு மட்டும் 4.10 க்கு இறங்கினா அந்த ஒண்ணை மட்டும் மாத்தினா போதுமா, இல்ல ஜோடியையே மாத்தணுமா?