ஈட்டிய மதிப்பா, செய்பணி மதிப்பா?

பொங்கோலிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை சில நண்பர்களுக்கு எங்கள் மென்பொருள் திட்டத்தின் கணக்கைத் தமிழில் விளக்கப்போகிறேன். மூன்று சொற்களுக்கு உங்கள் உதவி வேண்டும்.

திட்டம் 10 மாதம், 600,000 சிங்கப்பூர் வெள்ளி. வேலை 24 கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 25,000 வெள்ளி ஒதுக்கீடு. 5ஆம் மாத முடிவில் 12 கூறுகள், அதாவது 300,000 வெள்ளிக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். கையைவிட்டுப் போன பணம் 320,000. "20,000 வெள்ளிதானே கூடுதல், சமாளித்துவிடலாம்" என்று கூட்டத்தில் பேசிக் கலைந்தார்கள். ஆனால் முடிந்த வேலையை ஒதுக்கீட்டு விலையில் கணக்கிட்டால் 240,000தான் வருகிறது. 320,000 செலவழித்து 240,000 வெள்ளி வேலையை வாங்கியிருக்கிறோம். கூடுதல் 20,000 அல்ல, 80,000. முடிந்த வேலையின் இந்த மதிப்பை ஆங்கிலத்தில் Earned Value, சுருக்கமாக EV என்கிறார்கள். செலவான பணம் AC, திட்டப்படி முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு PV. இவற்றிலிருந்து இரண்டு விகிதங்கள் வருகின்றன: செலவைப் பார்ப்பது CPI, காலத்தைப் பார்ப்பது SPI.

```
CPI = EV / AC = 240000 / 320000 = 0.75
SPI = EV / PV = 240000 / 300000 = 0.80
```

இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 600,000ஐ 0.75ஆல் வகுத்தால் வருவது, 800,000 வெள்ளி. அந்த 240,000க்கு 'செய்பணி மதிப்பு' என்றும், இரண்டு விகிதங்களுக்கும் 'செலவுக் குறியீடு', 'காலக் குறியீடு' என்றும் பெயர் வைக்கலாமா?

தோ பாயோவிலிருந்து

அம்மா, நான் கணக்குத் தெரிந்தவன் அல்லன். நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன். 'செய்பணி' வினைத்தொகை. செய்த பணி, செய்கின்ற பணி, செய்யும் பணி என மூன்று காலத்துக்கும் அது இடம் கொடுக்கும். உங்கள் விளக்கத்தைப் படித்தால், முடிந்த வேலைக்கு மட்டுமே மதிப்பு என்பதுதான் இந்த முறையின் உயிர் என்று தெரிகிறது. அப்படியிருக்க, நடந்துகொண்டிருப்பதையும் இனி நடக்கப்போவதையும் உள்ளே விடுகிற சொல் எதற்கு? 'ஊறுகாய்' என்று சொல்லும்போது ஊறியதா, ஊறுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்டே ஆக வேண்டும் அல்லவா? 'ஈட்டிய மதிப்பு' என்றால் இறந்த காலம் சொல்லுக்குள்ளேயே உறுதியாக நிற்கிறது.

ஜூரோங்கிலிருந்து

இதற்குப் புதுப்பெயர் எதற்கு? கட்டுமானத்தில் மாதந்தோறும் நாங்கள் செய்வதுதானே. அளவையாளர் தளத்துக்கு வந்து, எத்தனை மாடிக்கு கான்கிரீட் போட்டாகிவிட்டது என்று பார்த்து மதிப்புப் போடுவார். அதை வைத்துப் பணம் கேட்டுக் கிளைம் அனுப்புவோம். 2004ஆம் ஆண்டின் கட்டணப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் இழுத்தடிக்க முடியாது. 'கிளைம் தொகை' என்று எழுதிவிடுங்கள், எல்லாருக்கும் விளங்கும்.

ஈசூனிலிருந்து

என் கேள்வி பெயரைப் பற்றியது அல்ல. நான் வேலை செய்த திட்டமும் 10 மாதம்தான். 12ஆம் மாதம் திரையில் காலக் குறியீடு 0.95 என்று இருந்தது. எல்லாரும் "ஏறிக்கொண்டே வருகிறது" என்று நிம்மதியாக இருந்தோம். 13ஆம் மாதம் முடித்தபோது அது சரியாக 1.00 காட்டியது. மூன்று மாதம் தாமதமான திட்டத்துக்கு எப்படி ஒன்று? எங்கள் ஆட்கள் எண்ணைத் திருத்தினார்களா?

பீஷானிலிருந்து

யாரும் திருத்தவில்லை, தம்பி. அந்த விகிதத்தில் மேலேயும் பணம், கீழேயும் பணம். நாள்காட்டி எங்கேயும் இல்லை. திட்டமிட்ட வேலையின் மதிப்பு 10ஆம் மாதத்தோடு முழுத்தொகையை எட்டி நின்றுவிடும். அதன் பிறகு நீங்கள் எத்தனை மாதம் தாமதித்தாலும், முடித்த வேலை மெல்ல ஏறி அதைத் தொட்டுவிடும். தொட்டால் ஒன்று. இந்தத் துறையில் பல ஆண்டாகத் திட்டக் கட்டுப்பாடு பார்த்த எனக்கே, பாதியைத் தாண்டிய திட்டத்தில் அந்த எண்ணை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் உண்டு.

இதற்கு மாற்றாக 2003இல் வால்ட் லிப்கே என்ற அமெரிக்கத் திட்ட மேலாண்மை வல்லுநர் ஒரு வழி சொன்னார். இன்று முடிந்திருக்கும் வேலை, திட்டப்படி எந்த மாதம் முடிந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது. உங்கள் 12ஆம் மாதத்தில் 95 விழுக்காட்டு வேலை முடிந்திருந்தது. மாதந்தோறும் ஒரே அளவு வேலை என்று திட்டமிருந்தால், அது 9.5 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. 9.5ஐ 12ஆல் வகுங்கள்: 0.79. முடிவிலும் 10க்கு 13, அதாவது 0.77. தாமதம் மறையாது.

இப்போது பெயருக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இந்த இரண்டு விகிதங்களுக்கும் SPI என்ற ஒரே பெயர்தான். பின்னால் ஓர் எழுத்தை ஒட்டிப் பிரிக்கிறார்கள். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? பணத்தை வைத்துப் பார்ப்பதை 'வேலைநடை எண்' என்போம். மாதத்தை வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் 'காலநடை எண்' என்ற பெயரை ஒதுக்குவோம்.

'செலவுக் குறியீடு' வேண்டவே வேண்டாம். நம் செய்தித்தாள்களில் பயனீட்டாளர் விலைக் குறியீடு ஏறினால் கவலை. இங்கே எண் ஏறினால் நல்லது. ஆங்கிலத்தில் இரண்டும் CPI என்ற ஒரே மூன்றெழுத்து. தமிழிலாவது தெளிவாக இருக்கட்டும். 'செலவுப்பயன் எண்' என்றால், செலவிட்ட ஒரு வெள்ளிக்கு 75 காசு வேலை கிடைத்தது என்பது காதில் விழுகிறது.

ஜூரோங் நண்பருக்கு: நீங்கள் பாதித் தூரம் சரியாக வந்துவிட்டீர்கள். தளத்தில் நின்று முடிந்ததை மட்டும் அளப்பது அதே பண்பு. ஆனால் உங்கள் கிளைம் ஒப்பந்த விலையில் போடப்படுகிறது. இலாபமும் அதற்குள் இருக்கிறது. இது உள்செலவு ஒதுக்கீட்டின் விலை. வாடிக்கையாளர் ஒரு காசும் தராவிட்டாலும் இந்த மதிப்பு மாறாது. 'ஈட்டிய' என்பதிலும் எனக்கு அதே தயக்கம்தான். வருமானம் என்று படித்துவிடுவார்கள். அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு 1967இல் இதை விதியாக்கியபோது வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'செய்த வேலைக்கான திட்டச் செலவு'. நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

பொங்கோல் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 240,000 எப்படி வந்தது? 24 கூறுகள் தலா 25,000 என்றால் அது 9.6 கூறு. அந்த 0.6 எங்கே இருக்கிறது?

பொங்கோலிலிருந்து

ஐயா, உங்கள் கேள்விக்குப் பிறகு வேலைப்பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். 12 கூறுகளுக்கும் எதிரே "80%" என்று ஒரே எண் இருக்கிறது. நிரல் எழுதியாகிவிட்டது, சோதனை பாக்கி என்று பொருளாம். பன்னிரண்டில் 80 விழுக்காடு, 9.6. கிடங்கு இருப்புக் கூறு மூன்று மாதமாக அதே 80இல் நிற்கிறது. அதற்கு இதுவரை 41 பிழைகள் பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பன்னிரண்டில் வாடிக்கையாளர் சோதித்து ஏற்றுக்கொண்டவை ஆறுதான். அவற்றுக்கு எதிரேயும் பட்டியலில் அதே 80தான் நிற்கிறது. அந்த ஆறுக்கு மட்டும் முழு மதிப்பும் மற்றவற்றுக்குச் சுழியமும் கொடுத்தால் 150,000. செலவுப்பயன் எண் 0.47. எந்த எண்ணைச் சனிக்கிழமை காட்டுவது என்று தெரியவில்லை.

பீஷானிலிருந்து

இரண்டையும் காட்டுங்கள். 0.47 சற்றுக் கடுமை. எழுதிய நிரலுக்கு மதிப்பே இல்லை என்கிறது. கூறுகள் இரண்டு வாரத்தில் முடியும் அளவுக்குச் சிறியவையாக இருந்தால் அந்தக் கடுமை உறுத்தாது. உங்களுடையவை பெரியவை. ஆனால் 0.75 அதைவிடத் தவறு, ஏனென்றால் அந்த 80 யாரும் அளந்த எண் அல்ல. எழுதி முடித்ததற்குப் பாதி, ஏற்றுக்கொண்டதற்கு மீதிப் பாதி என்று முன்கூட்டியே விதி வைத்தால், ஆறு முழுமை, ஆறு பாதி, மொத்தம் ஒன்பது கூறு: 225,000, எண் 0.70. விதியை மாதம் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும், கணக்குப் போடும் நாளில் அல்ல.

தோ பாயோவிலிருந்து

வினைத்தொகை வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பன்னிரண்டு 80களும் வினைத்தொகைகள்தாம். வருமானம் என்ற மயக்கம் கூடாதென்றால் 'முடித்த பணி மதிப்பு' என்று வைக்கலாம். ஆனால் 'முடிபணி' என்று சுருக்க விடாதீர்கள்.

ஜூரோங்கிலிருந்து

'முடித்த' என்று யார் சொல்வது? எங்களுக்கு அளவையாளர் இருக்கிறார். உங்களுக்கு?

பொங்கோலிலிருந்து

இப்போதைக்கு நிரல் எழுதியவரேதான் சொல்கிறார். 'ஏற்றுக்கொண்ட பணி மதிப்பு' என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன். 'வேலைநடை', 'காலநடை', 'செலவுப்பயன்' மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.