ஸ்லொட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பரந்தனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி பற்றிய வயற்காணொளி ஒன்றை ஆங்கில மூலத்திலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். படம் மூன்றுக்கும் ஒன்றுதான், வெட்டுகள் அசையக்கூடாது. குரலும் திரையெழுத்தும் மட்டும் மாறும். ஸ்கிரிப்ட் ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் தொடக்கநேரம், முடிவுநேரம், வசனம், அதோடு வரும் திரையெழுத்து. அந்தத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ளே அடங்கவேண்டிய இடத்தைத்தான் 'ஸ்லொட்' என்கிறோம்.

மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு எழுதிய வழிகாட்டியில் அதை 'நேர இடைவெளி' என்று போட்டேன். ஒரு பிள்ளை அதை 'பேசாமல் விடும் இடம்' என்று விளங்கி, ஐந்து வரிகளை வெறுமையாகவே அனுப்பிவிட்டாள். பிழை அவளுடையதல்ல. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

முள்ளியவளையிலிருந்து:

தம்பி, சப்டைட்டில் பிரச்சினைதானே? ஒரு வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. எனக்கு வேறு தலையிடி. கலியாண வீடியோவுக்குப் பாமினி எழுத்துருவில் பெயர் அடித்துக் கொடுத்தேன். இன்னொரு கணனியில் திறந்தால் 'தமிழ்' என்று இருந்த இடத்தில் `jkpo;` நிற்குது. மாப்பிள்ளை பெயரும் அப்படித்தான் வந்திருக்கும், நல்லகாலம் முதலே கண்டுவிட்டேன். யூனிகோட்டுக்கு மாறுங்கோ.

வவுனியாவிலிருந்து:

யூனிகோட் சரி அண்ணை, ஆனால் இது சப்டைட்டில் இல்லை. சப்டைட்டில் படத்துக்குக் கீழே தன்பாட்டில் ஓடும். இங்கே குரல், அம்புக்குறி, பெயர்ப்பலகை மூன்றும் ஒரே இடத்துக்குள் அடங்கவேண்டும். சொல்லைத் தேட முதல் அந்த இடத்துக்குள் என்ன நடக்குது என்று காட்டுகிறேன், தம்பி அனுப்பிய மூன்றாம் வரியையே எடுத்து.

அதன் நீளம் 110 பிரேம். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் 4.4 செக்கன். ஆங்கிலத்தில், பயிரை விலக்கி அடிப்பகுதியைப் பார் என்ற சின்ன வசனம். வந்த தமிழ் இது: 'நெற்பயிர்களை இரு கைகளாலும் விலக்கி, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே உள்ள அடித்தண்டுப் பகுதியைக் கவனமாகப் பாருங்கள்.' 41 அசை. எங்கள் குரல்காரர் நிதானமாகப் பேசினால் செக்கனுக்கு ஐந்தரை அசைதான். ஏழு செக்கனுக்கு மேல் போகும்.

சொற்களை எண்ணினால் இந்தப் பிழை பிடிபடாது. தமிழ்ச் சொல் நீளம், எண்ணிக்கை குறைவாகவே காட்டும். அசையை எண்ணுங்கோ. பிறகு படத்தைப் பாருங்கோ: இரண்டு கையும் விலக்குவது திரையிலேயே தெரிகிறது, அதை வாயால் சொல்லத் தேவையில்லை. 'பயிரை விலக்கி, தண்ணிக்கு மேலே தூரடியைப் பாருங்கோ.' 18 அசை, மூன்றேகால் செக்கன். மிச்ச ஒரு செக்கன், பார்க்கிறவர் தூரடியில் நிற்கிற பூச்சியைக் காணவும் பெயரை வாசிக்கவும்.

முள்ளியவளையிலிருந்து:

அப்ப படத்தையே கொஞ்சம் நீட்டிவிட்டால் என்ன? அதில் ஆள் வாயசைத்துப் பேசவில்லையே.

வவுனியாவிலிருந்து:

வாயசைவு இல்லாத இடத்தில் நீட்டலாம்தான். ஆனால் தமிழுக்கு நீட்டினால் தமிழ்ப்படம் வேறு நீளம், சிங்களம் வேறு நீளம். பின்னணி இசையும் வெட்டுப்படும். நாளைக்கு விவசாயப் போதனாசிரியர் ஒரு காட்சியைத் திருத்தச் சொன்னால் மூன்று இடத்தில் திருத்தவேண்டும். பிரேமை உறையவைத்தும் பார்த்திருக்கிறேன். வயல் தண்ணி அலையாமல் நிற்கும், பிள்ளையள் கூடக் கண்டுபிடிப்பாங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அறக்கொட்டி என்பது நாங்கள் புகையான் என்று சொல்வதுதானே? பயிர் புகைந்தது போல வட்டமாகக் காய்ந்துபோகும், தூரில் தத்துப்பூச்சி. இந்தக் காணொளி எங்கள் பக்கமும் வந்தால் பெயர்ப்பலகையில் எதைப் போடுவீர்கள்?

பரந்தனிலிருந்து:

அதேதான் ஐயா. இங்கே அரச துண்டுப்பிரசுரத்தில் 'கபில நிறத் தத்தி', வயலில் அறக்கொட்டி. பலகையில் இரண்டையும் போட நினைத்தேன், இடம் போதவில்லை. குரலில் அறக்கொட்டி, பலகையில் கபில நிறத் தத்தி என்று பிரித்தோம். உங்கள் பக்கத்துக்கு இன்னொரு வரிசை சேர்க்கவேண்டும்போல. 'பாருங்கோ'வும் அங்கே சரிவராது.

மல்லாவியிலிருந்து, மாஸ்டர்:

சொல்லுக்கு வருகிறேன். 'காலச்சாளரம்' என்று யாரும் ஆரம்பிக்க முதல் சொல்லிவிடுகிறேன்: அது ஆங்கிலத்துக்குப் போட்ட தமிழ்ச்சட்டை. 'கட்டம்' அழகான சொல், அட்டவணைக்கும் பொருந்தும். ஆனால் 'மூன்றாம் கட்டம் முடிந்தது' என்று மின்னஞ்சல் வந்தால், வரி முடிந்ததா வேலைத்திட்டத்தில் ஒரு பகுதி முடிந்ததா என்று கேட்கவேண்டி வரும்.

நான் 'பாத்தி' என்கிறேன். வெங்காயத்துக்குத் தண்ணி கட்டினவர்களுக்குத் தெரியும். பாத்தி நிரம்பினதும் வாய்க்காலை மறித்து அடுத்ததுக்குத் திருப்பவேண்டும். பிந்தினால் வரம்பு உடையும், முந்தினால் கடைசி நாற்று காயும். வவுனியாப் பிள்ளை சொன்ன 4.4 செக்கனும் அதுதானே? வழிந்தாலும் பிழை, அரைவாசி காய்ந்து கிடந்தாலும் பிழை. முழுப்பெயர் 'நேரப்பாத்தி', பழகினபிறகு பாத்தி போதும்.

முள்ளியவளையிலிருந்து:

நெல்லுப் படத்துக்கு வெங்காயப் பாத்தியா மாஸ்டர்?

மல்லாவியிலிருந்து, மாஸ்டர்:

அடுத்த படம் மிளகாய்க்கு எடுங்கோ, சரியாகிவிடும்.

வவுனியாவிலிருந்து:

எனக்குப் பாத்தி பிடித்திருக்கு. ஆனால் பாத்திக்குள்ளே இன்னொன்று இருக்கு, அதுக்கும் பெயர் வேண்டும். ஏழாம் வரியில், வட்ட வட்டமாக மஞ்சள் கண்டால் யூரியாவை நிறுத்தச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 'நிறுத்து' முதல் சொல். அதோடு சிவப்பு முத்திரை ஒன்று யூரியாப் பையில் விழுகிறது, எட்டாவது பிரேமில். நாங்கள் எழுதும் தமிழில் 'நிறுத்துங்கள்' கடைசியில் வரும். சிங்களத்திலும் வினை கடைசிதான். முத்திரை விழுந்து நாலு செக்கனுக்குப் பிறகுதான் குரல் காரணத்தைச் சொல்லி முடிக்கும். நீளம் சரி, ஆனால் கேட்கிறவருக்கு ஒன்றும் ஒட்டாது.

முத்திரையைப் பின்னுக்கு நகர்த்தலாம் என்று போனேன். எழுத்தில்லாத பிரதி கையில் இருந்தது, முத்திரை தனி லேயர், நகர்ந்தது. ஆனால் அது விழும் 'டப்' சத்தம் இசையோடு சேர்த்துக் கலந்த ஒலித்தடத்தில் இருந்தது. முத்திரை பின்னால் விழ, சத்தம் முன்னாலேயே கேட்டது. இசை ஒரு தடமும் சத்தங்கள் வேறு தடமுமாக வாங்கியிருந்தால் இந்த வில்லங்கம் இல்லை.

கடைசியில் வசனத்தைத்தான் திருப்பினோம்: 'யூரியா போடாதேங்கோ, வட்ட வட்டமா பயிர் மஞ்சளாகினா.' வாய்ப்பேச்சில் எங்கட ஆக்கள் இப்படித்தானே சொல்லுவினம்.

மல்லாவியிலிருந்து, மாஸ்டர்:

பேச்சில் சரி. எழுத்தில் பார்த்தால் தலைகீழாகத்தான் நிற்கிறது, எனக்கு அரைமனம். முத்திரை விழும் அந்தப் பிரேமுக்கு 'முளை' என்று போடலாமா? மாட்டைக் கட்டும் முளை. சொல் எங்கே அலைந்தாலும் அந்த இடத்தைவிட்டு நகராது.

தஞ்சாவூரிலிருந்து:

பாத்தியில் முளை என்றால் முளைத்து வருவது என்றுதான் படிப்பார்கள், ஐயா.

பரந்தனிலிருந்து:

உண்மைதான். அட்டவணையின் தலைப்பை 'பாத்தி' என்று மாற்றிவிட்டேன். வெறுமையாக அனுப்பிய அதே பிள்ளையிடம் விளக்கம் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தேன், இந்தமுறை ஐந்து வரியும் நிரம்பி வந்தது. ஒன்று மட்டும் வழியுது, 29 அசை. முத்திரை விழும் பிரேமுக்கான நிரலுக்கு இப்போதைக்கு 'விழுமிடம்?' என்று கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன். சிங்கள வரிகள் வெள்ளிக்கிழமை வரும், அதற்குள் யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.