மாடி அறையில் 94க்கு மேல் ஏறவில்லை, கேபிளா ரூட்டரா?

மாடிவீடு: நண்பர்களே, 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரூட்டர் கீழே ஹாலில். அதன் பக்கத்தில் லேப்டாப்பை வயரில் போட்டால் 300 வருகிறது. சுவருக்குள் பைப்பில் போன கேட்5இ கேபிள் வழியாக மாடியில் போட்டால் எப்போது பார்த்தாலும் 94. இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் பெயின்ட் அடிக்க சுவர் பாக்ஸைக் கழற்றி மாட்டினார்கள், அதற்குப் பிறகுதான் இப்படி.

வேகப்பிரியன்: கேட்5இ பழசு சார். கேட்6 இழுத்து விடுங்கள், சரியாகிவிடும்.

கிரிம்பர்: கேட்5இ-யிலேயே 100 மீட்டர் வரை ஜிகாபிட் ஓடும், அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். 94 என்பதே ஒரு துப்பு. 100 எம்பி லிங்க்கில் ஹெடர் எல்லாம் போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். லினக்ஸ் இருந்தால் இதைப் பார்த்துப் போடுங்கள்:

```
sudo ethtool enp3s0
```

மாடிவீடு: போட்டேன் அண்ணா. முக்கியமான வரிகள் மட்டும்:

```
Link partner advertised link modes: ...
                                    1000baseT/Full
Speed: 100Mb/s
Duplex: Full
```

கிரிம்பர்: ரூட்டர் "எனக்கு 1000 முடியும்" என்று சொல்லியிருக்கிறது, உங்கள் கார்டுக்கும் அது கேட்டிருக்கிறது. அப்படியும் 100 என்றால் கேபிள்மேல்தான் சந்தேகம். இந்தப் பேச்சுவார்த்தை நடப்பது 1-2, 3-6 பின்களில் உள்ள இரண்டு ஜோடியில் மட்டும், அதாவது ஆரஞ்சும் பச்சையும். அந்த இரண்டும் நன்றாக இருந்தால் 1000 என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகுதான் நாலு ஜோடியிலும் சிக்னலை ஓட்டிப் பார்க்கும். நீலமோ பழுப்போ போயிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணம் நின்ற கதை. சில தடவை முயன்று பார்த்துவிட்டு, கார்டே 1000-ஐ விட்டுவிட்டு 100-க்கு இறங்கிவிடும். இப்படி இறங்கத் தெரியாத பழைய கார்டுகளில் லிங்க்கே வராமல் விளக்கு அணைந்து அணைந்து எரியும்.

வேகப்பிரியன்: ஜிகாபிட்டில் இரண்டு ஜோடி அனுப்ப, இரண்டு ஜோடி வாங்கத்தானே?

கிரிம்பர்: 100-இல் அப்படித்தான், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. ஜிகாபிட்டில் நாலு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போகும். தான் அனுப்பியதன் எதிரொலியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கும்.

மாடிவீடு: ஒரு ஜோடிதான் போச்சு என்றால் மூணு மிச்சம் இருக்கிறதே. 750 வர வேண்டாமா?

கிரிம்பர்: கணக்கு சரிதான், ஒரு ஜோடிக்கு 250. ஆனால் ஒவ்வொரு பைட்டும் நாலு ஜோடியிலும் பங்கு போட்டு ஒரே துடிப்பில் போகிறது, நொடிக்கு 12.5 கோடித் தடவை. ஒரு ஜோடி இல்லையென்றால் எந்த பைட்டும் முழுசாக வராது. மூணு ஜோடியில் ஓட்டும் முறை அந்தத் தரத்திலேயே இல்லை. அடுத்த படி 100தான், அதற்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். உங்களுக்கு 100 வருவதால் அவை இரண்டும் பிழைத்திருக்கின்றன. மாடி பாக்ஸில் நீலத்தையும் பழுப்பையும் பாருங்கள்.

நெல்லைக்காரன்: எனக்கும் இதே பிரச்சினை. என் பிஓஇ கேமரா 100-இல்தான் ஏறுகிறது. நானும் சுவரைப் பிரிக்கணுமா?

கிரிம்பர்: பெரும்பாலான கேமராக்களில் போர்ட்டே 100தான். சுவரை விட்டுவிடுங்கள்.

மாடிவீடு: பாக்ஸைக் கழற்றினேன். பழுப்பு-வெள்ளை வயர் ஜாக்கின் பல்லுக்குக் கொஞ்சம் முன்னால் கீறல் பட்டிருந்தது, விரல் பட்டதும் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஒரு அங்குலம் வெட்டிவிட்டு எட்டையும் புதிதாகப் பஞ்ச் செய்தேன். டெஸ்டரில் 1 முதல் 8 வரை எரிகிறது, லிங்க் 1000, வேகம் 300. ஆனால் ராத்திரி ஒருமுறை லிங்க் விழுந்து மறுபடி 100-இல் நின்றது. `dmesg`-இல் இது இருக்கிறது:

```
Downshift occurred from negotiated speed 1Gbps to actual speed 100Mbps, check cabling!
```

வேகப்பிரியன்: கார்டில் 1000-ஐ நிரந்தரமாக ஃபோர்ஸ் பண்ணிவிடுங்கள், இறங்காது.

கிரிம்பர்: இறங்காது, ஏறவும் ஏறாது. ஜிகாபிட்டில் யார் கடிகாரத்தை இரண்டு முனையும் பின்பற்றுவது என்பதே அந்தப் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகிறது, அதைத் தவிர்க்க முடியாது. தம்பி, டெஸ்டர் விளக்கு சொல்வது வயர் அறுந்ததா இல்லையா என்பதை மட்டும். தளர்ந்த தொடர்பு அதில் தெரியாது. ஒரு ஜோடியின் வயர் இன்னொரு ஜோடியோடு மாறிப் பின்னியிருந்தாலும் இரண்டு முனையிலும் அதே தப்பு இருந்தால் எட்டும் எரியும். கீழே ஹால் முனையைத் திறந்து பாருங்கள், முறுக்கு எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது? அரை அங்குலம் தாண்டக் கூடாது.

மாடிவீடு: கீழ் பாக்ஸ் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது, ஞாயிறு நகர்த்திப் பார்க்கிறேன். அதுவும் நன்றாக இருந்தால் பைப்புக்குள்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

கிரிம்பர்: அப்படியே முடிவு கட்டாதீர்கள். முதலில் இரண்டு முனையிலும் பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள். `sudo ethtool --cable-test enp3s0` போட்டும் பாருங்கள், உங்கள் கார்டு அதை ஆதரித்தால் எந்த ஜோடி, எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டும். பல கார்டுகளில் `Operation not supported` என்றுதான் வரும்.