7805 பகலில் மட்டும் கைவிடுகிறது, பக் போடவா?

நிலாவெளி: வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஒரு சின்னக் கன்ட்ரோலர் செய்தேன். வைஃபை போர்டு, இரண்டு றிலே. சோலார் சார்ஜ் செய்யும் 12 வோல்ட் பற்றரியிலிருந்து 7805 வழியாக 5 வோல்ட். ராத்திரி முழுக்கப் பிசகாமல் ஓடுகிறது. வெயில் ஏறியதும் றிலே டக்கென்று விழுந்து போர்டு அணைகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக எழும்புகிறது, திரும்பவும் அதே கதை. 7805இல் விரல் வைக்க முடியவில்லை. மீற்றரில் 200 மில்லிஆம்பியர்தான். 1 ஆம்பியர் தாங்கும் என்கிறார்களே, ஐசி போலியா?

கிண்ணியா: எங்கள் வீட்டு வைஃபையும் மத்தியானத்தில் போய்ப் போய் வருகிறது. கம்பனிக்கு அடித்துச் சொல்லுங்கள்.

மூதூர்: ஹீற் சிங் பூட்டுங்கள். இல்லையென்றால் முன்னால் 10 ஓம் ரெசிஸ்டர் போதும்.

உவர்மலை: தம்பி, பற்றரி முனையில் பகலில் எத்தனை வோல்ட்?

நிலாவெளி: 14.4 அண்ணை. ராத்திரி 12.3.

உவர்மலை: ஐசியில் பிழை இல்லை. மிஞ்சுகிற வோல்ட்டை 7805 சூடாகத்தான் கழிக்கும்.

```
(12.3 - 5) x 0.2 = 1.46 W
(14.4 - 5) x 0.2 = 1.88 W
```

ஹீற் சிங் இல்லாமல் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 பாகை ஏறும். ராத்திரி 95 பாகை, காற்றின் 30, சமாளிக்கும். பகலில் 122 பாகை, வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் 45. 150ஐத் தாண்டினால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறினால் எழும்பும். 1 ஆம்பியர் என்பது நல்ல ஹீற் சிங்கோடு.

மூதூர் சொன்ன ஹீற் சிங் வேலை செய்யும், ஆனால் சூடு மூடிய பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ரெசிஸ்டரும் சூட்டை இடம் மாற்றுமே தவிரக் குறைக்காது. வைஃபை ஒரு நொடி 400 மில்லிஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் அதிலேயே போய்விடும், பற்றரி இறங்கிய நேரத்தில் 7805க்கு வேண்டிய 7 வோல்ட் கிடைக்காது.

எல்எம்2596 பக் மொடியூல் போடுங்கள். சூடாவது கால் வாட் அளவுதான், பற்றரியிலிருந்து இழுப்பதும் பாதியாகும். போர்டைக் கொழுவ முன்னம் மீற்றர் வைத்து, திருகாணியைத் திருகி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை வோல்ட்டில் கடையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. நான் ஒரு போர்டை அப்படித்தான் கருக்கினேன்.

நிலாவெளி: போட்டு மூன்று நாள், ஒரு தடவையும் விழவில்லை. சுருள் இளஞ்சூடுதான். ஆனால் மண் ஈரச் சென்சரின் எண் இப்போது நின்ற இடத்தில் நிற்காமல் ஆடுகிறது.

உவர்மலை: பக்கின் இரைச்சல் போல. அதை 7 வோல்ட்டுக்கு வைத்து, பின்னால் பழைய 7805ஐப் போட்டுப் பாருங்கள். 2 வோல்ட் கழிப்பதற்கு 0.4 வாட்தான், சுடாது.

மூதூர்: சென்சர் வயர் எதோடு போகிறது?

நிலாவெளி: பம்ப் வயரோடு ஒரே குழாயில். 7 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டேன், ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. ஞாயிறு குழாயைக் கிளப்பிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.